பதில் வராத மெயிலுக்கு இரண்டாவது மெயில்: "சும்மா ஒரு ஞாபகத்துக்கு" என்று எழுதாமல் வேறு என்ன எழுதலாம்?

ஒருவருக்கு மெயில் அனுப்பி மூன்று நாள் ஆகிவிட்டது, பதில் இல்லை. இப்போது நம்மில் பெரும்பாலானவர்கள் என்ன எழுதுகிறோம்? "சும்மா ஒருமுறை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்", "ஏதாவது அப்டேட் இருக்கிறதா?", "ஜென்டில் ரிமைண்டர்", "கீழே உள்ள மெயிலைப் பார்க்கவும்", கொஞ்சம் பழைய பாணிக்காரர் என்றால் "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்". எல்லாமே மரியாதையான வரிகள்தான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இவற்றைப் படித்து முடிக்கிறவருக்குத் தான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாது. நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்பது மட்டும் தெரியும், அது அவருக்கு முன்பே தெரிந்த விஷயம்.

அந்த வரி எதிர்முனையில் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். அவர் இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் போனில் மெயிலைத் திறக்கிறார். "ஏதாவது அப்டேட் இருக்கிறதா?" என்று இருக்கிறது. எதைப் பற்றிய அப்டேட்? கீழே உருட்டிப் பழைய மெயிலைத் தேட வேண்டும், அதிலிருக்கும் கோப்பைத் திறக்க வேண்டும், அது 32 பக்கம், அதில் தன்னிடம் கேட்கப்படுவது எந்த இடம் என்று கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம்தான் யோசிக்கவே ஆரம்பிக்க முடியும். ஐந்து நிமிட இடைவெளியில் இதெல்லாம் நடக்காது என்பதால் "சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூடிவைக்கிறார், சாயங்காலத்துக்குள் வேறு மெயில்கள் வந்து உங்களுடையதைக் கீழே தள்ளிவிடுகின்றன. அவருக்கு உங்கள் மேல் அலட்சியம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பல நேரங்களில் நடப்பது இவ்வளவுதான்.

ஆகவே இரண்டாவது மெயிலுக்கு ஒரு வேலைதான் உண்டு. முதல் மெயிலுக்குப் பதில் சொல்வதைவிட இதற்குப் பதில் சொல்வது சுலபமாக இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம்.

உதாரணம்

நீங்கள் ஒரு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். புதியவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தயாரித்திருக்கிறீர்கள், 32 பக்கம். பயிற்சி மார்ச் 23, திங்கட்கிழமை. அச்சகத்துக்கு நான்கு நாள் தேவை, 17-ஆம் தேதி செவ்வாய் பகல் 12 மணிக்குள் கோப்பு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். 9-ஆம் தேதி திங்களன்று உங்கள் மேலாளருக்கு, "கையேட்டின் வரைவை இணைத்திருக்கிறேன், பார்த்துவிட்டு உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்" என்று எழுதினீர்கள். இன்று 12-ஆம் தேதி, வியாழன். பதில் இல்லை.

முதலில், எழுத ஆரம்பிக்காதீர்கள்

இந்த இடத்தில் கை தானாகவே "சும்மா ஒரு ஞாபகத்துக்கு" என்று தட்டச்சு செய்யப் போகும். அதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை முடித்துப் பாருங்கள்: "அவர் ______ என்று சொல்லிவிட்டால் நான் அடுத்த வேலையைப் பார்க்கலாம்." கோடிட்ட இடத்தில் அவர் வாயிலிருந்து வர வேண்டிய சொற்களை அப்படியே எழுத வேண்டும். "கருத்து", "ஃபீட்பேக்", "அப்டேட்" இதெல்லாம் அங்கே பொருந்தாது, ஏனென்றால் அப்படி யாரும் பதில் எழுத மாட்டார்கள். "சரி, அச்சுக்குக் கொடுங்கள்" என்று எழுதுவார்கள். "பக்கம் 14-இல் இரண்டு நாள் என்பதுதான் சரி" என்று எழுதுவார்கள். "இதை நான் முடிவு செய்ய முடியாது, கணக்குப் பிரிவில் கேளுங்கள்" என்று எழுதுவார்கள்.

நம் உதாரணத்தில் உட்கார்ந்து யோசித்தால், மேலாளர் 32 பக்கத்தையும் படிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று தெரிகிறது. எழுத்துப் பிழைகளை உங்கள் பக்கத்து மேசைக்காரர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். பெரும்பகுதி பழைய கையேட்டில் இருந்ததுதான். மேலாளர் சொன்னால் மட்டுமே தெரியக்கூடியவை இரண்டு. ஒன்று, பக்கம் 14-இல் வாடிக்கையாளர் புகாருக்கு எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்ற விதி, பழைய கையேட்டில் 3 வேலை நாள் என்றும் பிப்ரவரியில் வந்த சுற்றறிக்கையில் 2 வேலை நாள் என்றும் இருக்கிறது. இரண்டு, பின்னட்டையில் யாருடைய தொலைபேசி எண்ணைப் போடுவது. நாம் "கருத்துகளைச் சொல்லுங்கள்" என்று கேட்டது இந்த இரண்டு சின்னக் கேள்விகளுக்காகத்தான். அவர் கண்ணுக்குத் தெரிந்ததோ 32 பக்கத்தைப் படித்துத் திருத்தும் வேலை.

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் இந்த ஒரு படிதான் உண்மையிலேயே கடினமானது, மற்றதெல்லாம் பழகிக்கொள்ளக் கூடியவை. அந்தக் கோடிட்ட இடத்தை உங்களால் நிரப்பவே முடியவில்லை என்றால் அவரிடம் கேட்பதற்கு உங்களிடம் இன்னும் கேள்வி தயாராகவில்லை என்று அர்த்தம், அன்றைக்கு மெயில் அனுப்பாமல் இருப்பதே நல்லது.

ஏன் பதில் வரவில்லை என்று ஒரு ஊகம் செய்யுங்கள்

காரணத்துக்குத் தகுந்தபடி எழுத்து மாறும். அவர் மெயிலைப் பார்க்கவே இல்லை என்றால் தலைப்பும் முதல் வரியும் மாறினால் போதும். பார்த்தார், ஆனால் கேள்வி பெரிதாக இருந்தது என்றால் கேள்வியை உடைக்க வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை என்றால் "இதை யாரிடம் கேட்க வேண்டும்?" என்பதே உங்கள் கேள்வி. அவரும் வேறு யாரிடமிருந்தோ ஒரு தகவலுக்காகக் காத்திருக்கிறார் என்றால், "அது எப்போது வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்று தேதியைக் கேளுங்கள். கடைசியாக ஒன்று உண்டு, அதைப் புதியவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்: பதில் "இல்லை" என்பதாக இருக்கும், அதைச் சொல்லச் சங்கடப்பட்டு அவர் தள்ளிப்போடுகிறார். அங்கே "இந்த மாதம் வேண்டாம் என்றாலும் சொல்லிவிடுங்கள், நான் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்" என்ற ஒரு வரி கதவைத் திறந்துவிடும். இல்லை என்று சொல்ல இடம் கொடுக்காத மெயிலுக்குப் பதிலாக மௌனம்தான் வரும்.

எது காரணம் என்று உறுதியாகத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மிக வாய்ப்புள்ளது எதுவோ அதற்கு எழுதுங்கள். நம் உதாரணத்தில் கேள்வி பெரிதாக இருந்ததுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது எழுதலாம்

"சும்மா ஒரு ஞாபகத்துக்கு" மெயில் இப்படி இருந்திருக்கும்:

> வணக்கம் மேடம், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். திங்களன்று அனுப்பிய கையேடு குறித்துச் சும்மா ஒருமுறை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். உங்களுக்கு வசதிப்படும்போது பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நன்றி.

மாற்றி எழுதினால் இப்படி வரும்:

> தலைப்பு: பயிற்சிக் கையேடு, 2 கேள்விகள்: மார்ச் 16 திங்கள் மாலை 4-க்குள் பதில் தேவை
>
> வணக்கம் மேடம்,
>
> கையேட்டை அச்சுக்கு அனுப்ப உங்களிடமிருந்து இரண்டு பதில்கள் வேண்டும். திங்கள் மாலை 4 மணிக்குள் கிடைத்தால், செவ்வாய் பகல் 12 மணிக்குள் அச்சகத்துக்குக் கோப்பு போய்விடும், 23-ஆம் தேதி பயிற்சிக்குப் பிரதிகள் கையில் இருக்கும்.
>
> 1. பக்கம் 14: புகாருக்குப் பதில் தரும் கெடு பழைய கையேட்டில் 3 வேலை நாள், பிப்ரவரி சுற்றறிக்கையில் 2 வேலை நாள். சுற்றறிக்கைப்படி 2 என்று போட்டிருக்கிறேன். சரியா?
>
> 2. பின்னட்டை: உதவிக்கு உங்கள் மேசை எண்ணைப் போடவா, அலுவலகப் பொது எண்ணைப் போடவா? நீங்கள் விடுப்பில் இருந்தாலும் யாராவது எடுப்பார்கள் என்பதால் பொது எண் நல்லது என்று நினைக்கிறேன்.
>
> "1 சரி, 2 பொது எண்" என்று ஒரு வரி போட்டாலே போதும். இரண்டு பக்கங்களின் படத்தையும் கீழே வைத்திருக்கிறேன், கோப்பைத் திறக்க வேண்டாம். மற்ற பக்கங்களில் எழுத்துப் பிழைகள் பார்த்தாகிவிட்டது.
>
> இரண்டாவதற்குப் பதில் வராவிட்டால் பொது எண்ணையே போட்டுவிடுகிறேன். முதலாவதை நானாக முடிவு செய்ய முடியாது என்பதால், திங்கள் 4 மணிக்குப் பிறகு உங்களைப் போனில் கூப்பிடுகிறேன்.

மாற்றி எழுதிய மெயில் நீளமாகத்தான் இருக்கிறது. சுருக்கமாக எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் இங்கே குறைக்க வேண்டியது படிக்கிறவரின் வேலையை. "சும்மா ஒரு ஞாபகத்துக்கு" மெயில் நான்கு வரிதான், அதற்குப் பதில் எழுத 32 பக்கம் படிக்க வேண்டும். மாற்றி எழுதியதற்குப் பதில் எழுத நான்கைந்து சொற்கள் போதும், அதையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

இனி அந்த மெயிலின் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வரி

போனில் மெயில் பட்டியலைப் பார்க்கும்போது அனுப்பியவர் பெயரும் தலைப்பும் அதற்குக் கீழே மெயிலின் தொடக்கத்தில் கொஞ்சமும்தான் தெரியும். அந்த இடத்தை "நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்" எடுத்துக்கொண்டால், எதற்காக எழுதினீர்கள் என்பது திறந்தால்தான் தெரியும். வணக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாக்கியத்திலேயே கேட்க வந்ததைச் சொல்லிவிடுங்கள். நலம் விசாரிக்க வேண்டும் என்று மனதார நினைத்தால் மெயிலின் கடைசியில் விசாரிக்கலாம், அங்கே அது யார் வழியையும் மறிக்காது.

தலைப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜிமெயிலில் பழைய மெயிலுக்குப் பதில் எழுதும்போது தலைப்பை மாற்றினால், அது பழைய உரையாடலிலிருந்து பிரிந்து தனி உரையாடலாகிவிடும். தலைப்பை மாற்றுவதாக இருந்தால், பதில் சொல்லத் தேவையான எல்லாம் புது மெயிலுக்குள்ளேயே இருக்க வேண்டும், "முந்தைய மெயிலில் சொன்னது போல" என்று எழுதக் கூடாது. பழைய உரையாடலின் வரலாறு முக்கியம் என்றால் தலைப்பைத் தொடாமல் முதல் வரியை மட்டும் கூர்மையாக்குங்கள். எங்கள் உதாரணத்தில் வரலாறு என்று ஒன்றும் இல்லை, அதனால் புதுத் தலைப்பே நல்லது.

கேள்வியோடு உங்கள் பரிந்துரையையும் வையுங்கள்

"பக்கம் 14 பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்பது திறந்த கேள்வி. அதற்குப் பதில் எழுத ஒரு பத்தி வேண்டும். "2 என்று போட்டிருக்கிறேன், சரியா?" என்பதற்கு ஒரு சொல் போதும். புதிதாகச் சேர்ந்தவர்கள் இங்கே தயங்குகிறார்கள், பெரியவர்களிடம் நாமே முடிவைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடுமோ என்று. ஆகாது, இரண்டு விஷயங்களைச் செய்தால். ஒன்று, எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள் என்பதை எழுதுங்கள், இங்கே சுற்றறிக்கை. இரண்டு, முடிவு அவருடையது என்பது தெரியும்படி கேள்விக்குறியோடு முடியுங்கள். தவறாகவே பரிந்துரைத்திருந்தாலும் நஷ்டமில்லை. வெறுமையாக இருக்கும் இடத்தை நிரப்புவதைவிடத் தவறாக இருப்பதைத் திருத்துவது எல்லோருக்கும் சுலபம், அதனால் பதில் வேகமாகவே வரும்.

கேள்விகளுக்கு எண் போடுங்கள். எண் இல்லாமல் ஒரே பத்தியில் இரண்டு கேள்வி கேட்டால் முதலாவதற்கு மட்டும் பதில் வந்து, இரண்டாவதற்காக நீங்கள் இன்னொரு மெயில் எழுத வேண்டிவரும். மூன்றுக்கு மேல் கேள்வி இருந்தால் மெயிலை விட்டுவிட்டுப் பதினைந்து நிமிடம் நேரம் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போதும் "எப்போது பேசலாம்?" என்று விடாமல் "வெள்ளி காலை 11 அல்லது மதியம் 3, எது வசதி?" என்று இரண்டு நேரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

தேதியும் அதன் காரணமும்

"விரைவில்", "சீக்கிரம்", "வசதிப்படும்போது", "இந்த வாரத்துக்குள்" இவற்றுக்கு ஆளுக்கு ஒரு அர்த்தம் உண்டு. "வசதிப்படும்போது" என்பதற்கு ஒரே நேர்மையான பதில், இப்போது வசதியில்லை என்பதுதான். கிழமையும் தேதியும் மணியும் சேர்த்து எழுதுங்கள். கிழமையை மட்டும் எழுதினால் "அடுத்த திங்கள்" எந்தத் திங்கள் என்ற குழப்பம் வரும், தேதியை மட்டும் எழுதினால் அவர் காலண்டரைப் பார்க்க வேண்டும். வேறு நாட்டில் இருப்பவருக்கு எழுதினால் எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

தேதிக்குப் பக்கத்திலேயே காரணமும் இருக்க வேண்டும். "திங்கள் 4 மணிக்குள் அனுப்புங்கள்" என்றால் அது உத்தரவு. "திங்கள் 4 மணிக்குள் கிடைத்தால் செவ்வாய் அச்சகத்துக்குப் போய்விடும்" என்றால் அது தகவல், அதைப் படித்து அவரே முடிவெடுப்பார். அச்சகம் கேட்டது செவ்வாய் பகல் 12, நாம் கேட்டது திங்கள் மாலை 4. பதில் வந்த பிறகு திருத்திக் கோப்பைத் தயார் செய்ய நமக்கு நேரம் வேண்டுமே, அதற்காக. அதே நேரம் கையில் பத்து நாள் இருக்கும்போது "நாளைக்குள் வேண்டும்" என்று பொய்யாக நெருக்காதீர்கள். ஒருமுறை அது பொய் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் நீங்கள் எழுதும் எந்தத் தேதியையும் அவர் நம்ப மாட்டார்.

மரியாதை பற்றி ஒரு வார்த்தை. தெளிவாகக் கேட்டால் கறாராகத் தெரியுமோ என்ற பயத்தில்தான் பலர் அந்தப் பழைய வரிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். தமிழில் மரியாதை "முடியுமா", "சொல்லுங்கள்" போன்ற வினைகளில் இருக்கிறது, காரணத்தைச் சொல்வதில் இருக்கிறது, அவர் நேரத்தை மிச்சப்படுத்துவதில் இருக்கிறது. "ஆவன செய்யவும்", "உரிய நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதும்போது தெளிவும் இல்லை, தொனியும் ஆணை போலத்தான் விழுகிறது. "பில் எண் 208-க்கு எந்தத் தேதியில் பணம் வரும் என்று வெள்ளிக்குள் சொல்ல முடியுமா?" என்பது அதைவிட மென்மையானது, தெளிவானதும் கூட.

பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் எழுதுங்கள்

"பதில் வராவிட்டால் பொது எண்ணையே போட்டுவிடுகிறேன்" என்ற வரி மிகவும் பலமானது. அவர் சம்மதிக்கிறார் என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம், மறுப்பு இருந்தால் மட்டும் எழுதினால் போதும். வேலையும் நிற்காது. ஆனால் எல்லா இடத்திலும் இதைப் பயன்படுத்தக் கூடாது. உதாரணத்தில் இரண்டாவது கேள்விக்கு மட்டும் இதைப் போட்டிருக்கிறோம், முதலாவதற்குப் போடவில்லை, கவனித்திருப்பீர்கள். தொலைபேசி எண் தவறாகப் போனால் ஒரு சின்ன ஒட்டுச் சீட்டில் சரிசெய்துவிடலாம், அதுவும் பொது எண் யாருக்கும் சொந்தமில்லை. புகார் விதி தவறாக அச்சானால் புதியவர்கள் எல்லோரும் அதையே படித்து அதன்படி நடப்பார்கள், அதற்குப் பொறுப்பு மேலாளர்.

பணம் செலவாகும் விஷயம், திரும்பப் பெற முடியாத செயல், மற்றவர் பெயரிலோ கையெழுத்திலோ வெளியாகும் எழுத்து, ஒருவரின் சொந்தத் தகவல், சட்டப்படியோ அலுவலக விதிப்படியோ எழுத்தில் ஒப்புதல் தேவைப்படும் விஷயம், இவற்றில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே "பதில் வராவிட்டால் செய்துவிடுகிறேன்" என்பதற்குப் பதிலாக "பதில் வரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன், அதனால் இன்ன வேலை இத்தனை நாள் தள்ளிப்போகும்" என்று எழுதுங்கள். அவர் விடுப்பில் இருக்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் இல்லாதவரின் மௌனத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

யாருக்கு அனுப்புகிறீர்கள்

பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரே என்றால் பெறுநர் இடத்தில் அவர் பெயர் மட்டும். ஐந்து பேரைப் போட்டு "யாராவது சொல்லுங்கள்" என்றால் ஐந்து பேரும் மற்ற நால்வர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுவார்கள். உண்மையிலேயே இரண்டு பேரிடம் இரண்டு கேள்வி இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் பெயரை எழுதுங்கள். அவருடைய மேலதிகாரியை நகலில் சேர்ப்பதை இரண்டாவது மெயிலிலேயே செய்ய வேண்டாம். அது புகார் செய்வது போலத்தான் போய்ச் சேரும், நீங்கள் என்ன எழுதியிருந்தாலும்.

வாட்ஸப்பிலும் சாட்டிலும்

இங்கே அந்தப் பழைய வரியின் தம்பி "ஹலோ சார்" என்று மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பது. அவர் "சொல்லுங்க" என்று எழுதும்வரை ஒன்றும் நகராது. வணக்கம், கேள்வி, தேதி மூன்றையும் ஒரே செய்தியில் அனுப்பிவிடுங்கள்: "வணக்கம் சார், பக்கம் 14-இல் 2 வேலை நாள் என்று போட்டிருக்கிறேன், சரியா? திங்கள் 4 மணிக்குள் தெரிந்தால் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்." இன்னொன்று, நீல டிக்கைப் பார்த்துவிட்டு "பார்த்துட்டீங்களே, பதிலே இல்லையே" என்று எழுதாதீர்கள். பார்த்தார் என்பது தெரிகிறது, பதில் சொல்லும் நிலையில் இருந்தாரா என்பது தெரியாது. அந்த வரி அவரைத் தற்காப்புக்குத் தள்ளும், பதிலுக்குத் தள்ளாது.

பணம் வர வேண்டியிருந்தால்

பணம் கேட்பதில்தான் நம் ஆட்கள் மிகவும் கூச்சப்பட்டு "பேமென்ட் பற்றிச் சும்மா கேட்டேன்" என்று எழுதுகிறார்கள். பில் எண், தொகை, பில் அனுப்பிய தேதி, கட்ட வேண்டிய கடைசித் தேதி நான்கையும் எழுதி, பில்லைத் திரும்பவும் இணைத்து, ஒரு கேள்வி கேளுங்கள்: "இதற்கு எந்தத் தேதியில் பணம் அனுப்புவீர்கள்? என் தரப்பிலிருந்து ஏதாவது விவரம் குறைகிறதா?" இரண்டாவது பாதி முக்கியம். வங்கி விவரம் சரியில்லை, ஆர்டர் எண் விட்டுப்போயிருக்கிறது என்று பில் எங்கேயாவது நின்றுபோயிருக்கும், யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டதற்கு "பிராசஸில் இருக்கிறது" என்று பதில் வந்தால் அது பதில் ஆகாது. "நன்றி, இப்போது யாரிடம் இருக்கிறது, அவரிடம் நான் நேரடியாகக் கேட்கலாமா?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

வருகிற பதிலைப் படித்தாலே தெரியும். "1 சரி, 2 பொது எண்" என்று வந்தால் எல்லாம் சரி. "பார்க்கிறேன்" என்று வந்தால் உங்கள் கேள்வி இன்னும் பெரிதாக இருக்கிறது, அல்லது அவருக்கு நேரம் இல்லை. அதற்கு "நன்றி மேடம், வெள்ளி மாலை நானே கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாமா?" என்று எழுதினால் அடுத்த அடி அவர் தலையில் விழாமல் உங்கள் கைக்கு வந்துவிடும். "எந்தச் சுற்றறிக்கை?" என்று அவர் திருப்பிக் கேட்டால், அதைத்தான் நீங்கள் மெயிலில் இணைக்க மறந்திருக்கிறீர்கள், அடுத்த தடவை அதையும் இணைத்து அனுப்புங்கள்.

ஒன்றுமே வரவில்லை என்றால் மூன்றாவது மெயில் எழுதலாம், ஆனால் இரண்டாவதையே திரும்ப அனுப்பாதீர்கள். ஏதாவது ஒன்று மாற வேண்டும்: வழி மாறலாம், மெயிலை விட்டுப் போனுக்கோ நேருக்கோ போகலாம், கேள்வி இன்னும் சின்னதாகலாம், அல்லது "இந்த வாரம் உங்களால் பார்க்க முடியாது என்றால் உங்களுக்குப் பதில் யாரிடம் கேட்கலாம்?" என்று ஆள் மாறலாம். எழுத்தில் மூன்று தடவை கேட்டும் வராத பதில் நான்காவது தடவையில் வருவது அபூர்வம், என் அனுபவத்தில் அதற்குள் போனை எடுத்துவிடுவது நல்லது. போனில் பேசி முடித்ததும் "நீங்கள் சொன்னபடி பக்கம் 14-இல் 2 வேலை நாள் என்றே போடுகிறேன்" என்று இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள், பின்னால் யாருக்கும் குழப்பம் இருக்காது.

எதுவும் கேட்காமல், உடம்பு சரியில்லாதவரையோ வீட்டில் துக்கம் நடந்தவரையோ உண்மையிலேயே விசாரிக்க எழுதினால், "சும்மா விசாரிக்கத்தான் எழுதினேன், பதில் எழுத வேண்டியதில்லை" என்பது மிக நல்ல வரி. அந்த மெயிலின் கடைசியில் கையேட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் வரக் கூடாது, அவ்வளவுதான். வேலையைப் பற்றி வேறு ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் கிடைத்து வேலை நடந்த பிறகு ஒரு மெயில் பாக்கி இருக்கிறது, பலரும் அதை அனுப்புவதில்லை. "கோப்பு இன்று பகல் 11.30-க்கு அச்சகத்துக்குப் போய்விட்டது, சனிக்கிழமை பிரதிகள் வரும். நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை." இதைப் படித்ததும் அவர் அந்த விஷயத்தை மனதிலிருந்து இறக்கி வைத்துவிடலாம்.